வாய்மொழிக் குத்தகை

தஞ்சை வட்டாரத்தில் களத்துமேட்டில் நின்று பேசி முடித்த குத்தகை, எழுத்தில் ஒரு வரியுமின்றித் தலைமுறை கடந்து நடப்பதுண்டு. பேசியவர்கள் மறைந்த பின்னரே வழக்கு எழுகிறது. என்னிடம் வந்த ஒரு வழக்கைக் கொண்டே இதனை விளக்க விரும்புகிறேன்.

ஓர் உழவர் இரண்டு ஏக்கர் நன்செயைப் பன்னிரண்டு ஆண்டுகள் பயிரிட்டார். ஆண்டுக்கு இருபது மூட்டை நெல் அளந்தார். நிலக்காரர் காலமானதும் அவருடைய மகன், "இவர் குத்தகைதாரர் அல்லர், கூலிக்கு உழுதவர்" என்றார்.

எழுத்தில்லை என்பதனால் மட்டும் குத்தகை இல்லையென்று ஆகிவிடாது. 1955ஆம் ஆண்டின் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் வெளிப்படையான உடன்பாட்டோடு, நடத்தையிலிருந்து ஊகிக்கத்தக்க உடன்பாட்டையும் ஏற்கிறது. ஆனால், தாமோ தம் குடும்பத்தாரோ உடலுழைப்புச் செலுத்திப் பயிரிட்டார் என்று காட்டவேண்டும். நிலத்தில் இருந்தார் என்பது மட்டும் போதாது. கூலியாளும் நிலத்தில்தான் இருக்கிறார். விதையும் உரமும் யார் செலவு, விளைச்சல் பொய்த்தால் நட்டம் யாருக்கு என்பவையே இருவரையும் வேறுபடுத்துகின்றன.

கிராம அடங்கலைப் பார்த்தோம். சில பசலிகளில் உழவர் பெயர்; மற்றவற்றில் நிலக்காரர் பெயர். அடங்கல் துணைச் சான்றேயன்றி முடிவான சான்றன்று. உரம் வாங்கிய ரசீதுகளும் அண்டை வயல்காரர் இருவரின் சாட்சியமும் அதனினும் வலுவாயிருந்தன. கூலி கொடுத்ததாகச் சொன்ன மகனால், கூலிக் கணக்கு ஒரு தாளும் காட்ட முடியவில்லை.

ஆயினும் வழக்கைத் திருப்பியது மகன் முன்பே அனுப்பியிருந்த வக்கீல் நோட்டீஸ்தான். "ஆண்டுக்கு முப்பது மூட்டை வீதம் குத்தகை பாக்கி செலுத்துக" என்று அதில் கண்டிருந்தது. கூலியாளிடம் யார் குத்தகை பாக்கி கேட்பார்? உழவரைச் சிக்கவைக்க எழுதிய தாளே குத்தகை உண்டென்பதை ஒப்புக்கொண்டுவிட்டது!

எஞ்சியது அளவு. இருபதா, முப்பதா? மூன்று ஆண்டுகளில் தகப்பனார் தம் கையாலேயே எழுதித் தந்த துண்டுச்சீட்டுகள் உழவரின் பெட்டியில் கிடைத்தன. மூன்றிலும் வரவு இருபது மூட்டை. நிபந்தனையை நிறுவுவதற்கு, இவ்வாறு இடைவிடாது நடந்த வழக்கத்தைவிடச் சிறந்த சாட்சியம் அரிது.

1969ஆம் ஆண்டின் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டப்படி வட்டாட்சியரிடம் மனுச் செய்தோம். இருதரப்பையும் விசாரித்து அவர் பெயரைப் பதிந்தார். அப்பதிவு, மறுத்து மெய்ப்பிக்கும்வரை உண்மையென்றே கொள்ளப்படும். மறுக்கும் சுமை இனி நிலக்காரரைச் சேர்ந்தது.

அடுத்த அறுவடையில் மகன் நெல்லை வாங்க மறுத்தார். மறுப்பு, பின்னர் பாக்கியென்று உருமாறி வெளியேற்றத்துக்குக் காரணமாகக்கூடும். ஆகவே, 1955ஆம் சட்டம் இடந்தருகிறபடி, அந்நாளைய சந்தை விலையில் இருபது மூட்டையின் மதிப்பை நீதிமன்றத்தில் கட்டச் செய்தேன். பன்னிரண்டு ஆண்டுகளில் முறையான ரசீது அன்றுதான் அவர் கைக்கு வந்தது.