கழித்துக்கொண்டே போனால் எங்கே போய் நிற்கும்?

1822-இல் லண்டனில் சார்லஸ் பாபேஜ் பல்சக்கரங்களைக் கோத்துச் சின்னதாக ஒரு கணக்குப் பொறி செய்தார். அதைச் சோதிக்க அவர் எடுத்துக்கொண்ட கணக்கு n² + n + 41. n-க்கு 0, 1, 2, 3 என்று வரிசையாகப் போட்டால் 41, 43, 47, 53, 61, 71 என்று விடைகள் வரும். பொறியும் அவற்றைச் சரியாகச் சொன்னது. இத்தனைக்கும் அந்தப் பொறிக்குப் பெருக்கத் தெரியாது. கூட்ட மட்டும்தான் தெரியும்.

பெருக்கத் தெரியாத பொறி n²-ஐ எப்படிக் கண்டுபிடித்தது? விடைகளை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றையும் அதற்கு அடுத்ததிலிருந்து கழித்துப் பாருங்கள். கிடைப்பதை மறுபடி அதேபோல் கழியுங்கள்.

```
41  43  47  53  61  71
   2   4   6   8  10
     2   2   2   2
```

இரண்டாவது வரி முதல் வேறுபாடு. மூன்றாவது வரி இரண்டாம் வேறுபாடு. மூன்றாவது வரியில் எல்லாமே 2. அதற்குப் பிறகு பட்டியலைக் கீழிருந்து மேலாகக் கட்டிவிடலாம். 10-உடன் 2-ஐக் கூட்டினால் 12. அதை 71-உடன் கூட்டினால் 83. அடுத்தது 14, விடை 97. தொடக்கத்தில் 41, 2, 2 என்ற மூன்று எண்களைச் சக்கரங்களில் வைத்துவிட்டால் போதும், மீதியெல்லாம் கூட்டல்தான். பாபேஜ் பொறியின் சூட்சுமம் இவ்வளவுதான்.

சரி, வேறுபாடு ஏன் மாறாத எண்ணில் போய் நிற்கிறது? 1, 8, 27, 64, 125 என்ற கன எண்களை எடுத்துக்கொள்வோம். ஒரு கன எண்ணுக்கும் அடுத்ததற்கும் உள்ள வேறுபாடு (n+1)³ − n³. முதல் அடைப்பை விரித்தால் n³ + 3n² + 3n + 1. அதிலிருந்து n³-ஐக் கழித்ததும் அந்த உறுப்பு அடிபட்டுப் போகிறது. 3n² + 3n + 1 மிஞ்சுகிறது. மூன்றாம் படியில் இருந்த கோவை ஒரே கழித்தலில் இரண்டாம் படிக்கு இறங்கிவிட்டது. இன்னொரு முறை கழித்தால் 6n + 6. அது முதல் படி. மூன்றாம் முறை கழித்தால் வெறும் 6.

எந்தப் பல்லுறுப்புக்கோவைக்கும் இதே கதிதான். n-ஐ n+1 ஆக்கினாலும் மிக உயர்ந்த படியுள்ள உறுப்பின் கெழு மாறுவதில்லை. அதனால் கழிக்கும்போது அந்த உறுப்பு தவறாமல் அடிபடுகிறது. ஒவ்வொரு கழித்தலுக்கும் படி ஒன்று குறைகிறது. படி மூன்று என்றால் மூன்று கழித்தலில் மாறிலி. ஏழு என்றால் ஏழில். கடைசியில் வரும் எண்ணையும் முன்கூட்டியே சொல்லிவிடலாம். n³-க்கு அது 3×2×1, அதாவது 6. முன்னால் 5 என்ற கெழு இருந்து 5n³ ஆனால் 30.

நுண்கணிதம் படித்தவர்களுக்கு இந்த இறக்கம் பழகியதாகத் தோன்றும். x³-இன் வகைக்கெழு 3x², அதன் வகைக்கெழு 6x, அடுத்தது 6. அங்கேயும் படி ஒவ்வொன்றாகக் குறைந்து, அதே 6-இல்தான் முடிகிறது. இரண்டும் பங்காளிகள் என்பது இதிலேயே தெரிகிறது. ஆனால் வகைக்கெழு 3x² என்று நிற்கும் இடத்தில் வேறுபாட்டில் 3n + 1 என்று ஒரு வால் கூடுதலாக ஒட்டிக்கொண்டிருக்கிறதே, அது எங்கிருந்து வந்தது?

நாம் வைத்த எட்டின் நீளம் அது. 2-லிருந்து 3-க்கு ஒரே எட்டில் தாவினால், கன எண் 8-லிருந்து 27-க்குப் போகிறது, வேறுபாடு 19. எட்டை 0.1 ஆகக் குறைப்போம். 2.1-இன் கனம் 9.261, வேறுபாடு 1.261; அதை 0.1-ஆல் வகுத்தால் 12.61. எட்டு 0.01 என்றால் 12.0601 வரும். இன்னும் குறைக்கக் குறைக்க விடை 12-ஐ நெருங்கிக்கொண்டே போகும். 3x²-இல் x-க்கு 2 போட்டால் வருவதும் அதே 12. எட்டு சுருங்கச் சுருங்க வால் தேய்ந்து மறைகிறது, மிஞ்சுவது வகைக்கெழு. எண்களின் தொடர்வரிசையில் ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவே கால் வைக்க இடமில்லை. அதனால் அங்கே வால் ஒட்டியபடியே இருக்கிறது.

பாபேஜ் காலத்தில் கப்பலோட்டிகளும் வானியலாளர்களும் அச்சிட்ட கணக்கு அட்டவணைகளை நம்பித்தான் வேலை பார்த்தார்கள். அவற்றில் பிழைகள் மலிந்திருந்தன. பிழையைப் பிடிக்கவும் இதே கழித்தல் உதவியது. வர்க்க எண்களின் பட்டியலில் யாரோ 36-ஐ இடம் மாற்றி 63 என்று எழுதிவிட்டதாக வைத்துக்கொள்வோம்.

```
1  4  9  16  25  63  49  64  81
  3  5  7   9  38 -14  15  17
    2  2  2  29 -52  29   2
```

எல்லாமே 2 ஆக இருக்க வேண்டிய கடைசி வரியில் மூன்று எண்கள் மட்டும் துருத்திக்கொண்டு நிற்கின்றன. 2-ஐக் கழித்துப் பார்த்தால் அவை 27, −54, 27. பிழை ஒரு மடங்கு, எதிர்த்திசையில் இரண்டு மடங்கு, மறுபடி ஒரு மடங்கு என்று பரவியிருக்கிறது. நடுவில் உள்ள −52-க்கு நேர் மேலே நிற்பது 63, குற்றவாளி அதுதான். எவ்வளவு பிழை? 27. 63-லிருந்து அதைக் கழித்தால் 36 கிடைத்துவிடுகிறது. பெருக்கிச் சரிபார்க்காமலே பிழையின் இடமும் அளவும் தெரிந்துவிட்டன.

இதற்கு ஓர் எல்லை உண்டு. மடக்கை பல்லுறுப்புக்கோவை இல்லை. அதன் வேறுபாடுகள் எத்தனை முறை கழித்தாலும் மாறிலியில் நிற்பதில்லை. ஆனால் சிறு இடைவெளிக்குள் நான்காம் ஐந்தாம் வேறுபாடுகள் மிகமிகச் சிறியவை. மாறிலி என்றே வைத்துக்கொண்டாலும் விடையின் தசம இடங்கள் கெடுவதில்லை. 1790-களில் பிரான்ஸில் காஸ்பார் தெ ப்ரோனி இப்படித்தான் பெரும் அட்டவணைகளைத் தயாரித்தார். இடைவெளிக்கு ஒன்றாகச் சில மதிப்புகளைக் கணிதம் அறிந்தவர்கள் துல்லியமாகக் கணக்கிட்டுக் கொடுத்தார்கள். நடுவில் உள்ளவற்றைக் கூட்டல் கழித்தல் மட்டும் தெரிந்தவர்கள் நிரப்பினார்கள். அந்த ஆட்களின் வேலையைச் சக்கரங்களிடம் ஒப்படைப்பதே பாபேஜின் எண்ணம். அவர் திட்டமிட்ட பெரிய பொறியை அவரால் முடிக்க இயலவில்லை. பின்னர் 1840-களில் அவர் வரைந்த இரண்டாம் பொறியை லண்டன் அறிவியல் அருங்காட்சியகம் 1991-இல் செய்து ஓட்டிக் காட்டியது. ஏழாம் வேறுபாடு வரை, 31 இலக்கங்களில் அது கணக்கிடுகிறது.

நீங்களே எண்களை எழுதிக் கழித்துப் பார்க்கும்போது ஒன்றை மறக்க வேண்டாம். 1, 2, 4, 8, 16 என்ற ஐந்து எண்களைக் கழித்துக்கொண்டே போனால் நான்காம் வேறுபாட்டில் 1 என்ற ஒரே எண் மிஞ்சும். அதை மாறிலி என்று எடுத்துக்கொண்டு மேலே கூட்டி வந்தால் அடுத்த எண் 31; இரட்டிப்பு என்று கொண்டால் 32. இரண்டும் அந்த ஐந்து எண்களுக்குப் பொருந்துகின்றன. எண்கள் எவையாக இருந்தாலும் கழித்து முடிக்கையில் கடைசியில் ஓர் எண் மிஞ்சத்தான் செய்யும். அது எதற்கும் சாட்சி ஆகாது. ஒரே எண் பலமுறை திரும்பி வந்தால்தான் பல்லுறுப்புக்கோவை என்று சந்தேகிக்கவே இடம் உண்டு. உறுதியாகச் சொல்ல, அந்த எண்கள் எந்த விதியிலிருந்து பிறந்தன என்று தெரிந்திருக்க வேண்டும்.