கடல் ஏன் கடைசி வரிசையில்?

செடி ஒளிச்சேர்க்கையில் ஆக்கும் உணவு முழுவதும் மொத்த முதல்நிலை உற்பத்தித்திறன். அதில் ஒரு பங்கைச் செடியே சுவாசத்தில் செலவழித்துவிடும். பிடித்தம் போகக் கைக்கு வரும் சம்பளம்போல, மீதி நிற்பதே நிகர உற்பத்தித்திறன். மாடும் மனிதனும் சாப்பிடக் கிடைப்பது இந்த மீதிதான்.

காடு, புல்வெளி, கடல், பாலைவனம் என நான்கையும் கொடுத்து ஒப்பிடச் சொன்னால், பல மாணவர்கள் கடலில்தான் சறுக்குவார்கள். உலகம் முழுவதும் ஆண்டுக்கு ஏறக்குறைய 17,000 கோடி டன் உலர் எடை நிகர உற்பத்தி. பூமியில் 70 சதவீதத்தை மூடிய கடலின் பங்கு 5,500 கோடி டன்தான். மிச்சம் 11,500 கோடியை 30 சதவீத நிலம் தருகிறது. வகுத்துப் பாருங்கள்: ஒரே அளவு பரப்பில் நிலம் கடலைப்போல் கிட்டத்தட்ட ஐந்து மடங்கு விளைவிக்கிறது.

ஆழ்கடலில் தண்ணீருக்கா பஞ்சம்? பஞ்சம் நைட்ரஜனுக்கும் பாஸ்பரசுக்கும் இரும்புக்கும். இறந்த உயிர்களோடு சத்தும் இருட்டான அடிக்குப் போய்விடுகிறது. வெளிச்சமோ மேலேயே நின்றுவிடுகிறது. ஆகவே சதுர மீட்டருக்கு ஆண்டுக்கு மழைக்காடு சுமார் 2,200 கிராம், மிதவெப்பப் புல்வெளி 600 தரும்போது, திறந்த கடல் 125 கிராம்தான் தருகிறது. பாலைவனப் புதர்க்காட்டின் 90 கிராமுக்கு இது பக்கம்.

எனவே கேள்வியில் ‘ஓரலகுப் பரப்பில்’ என்றிருக்கிறதா, ‘மொத்தமாக’ என்றிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மொத்தக் கணக்கென்றால், பரப்பின் பலத்தில் கடல் புல்வெளியை முந்திவிடும். ‘பவளப்பாறை’ என்று இருந்தாலோ, அது கடலுக்குள் இருந்தும் மழைக்காட்டோடு போட்டி போடும்.