மல்லிகை மாறவில்லை, கூந்தல் ஏன் மாறியது?

கல்யாண ஆல்பத்தில் ஒரு படம். மணப்பெண் முதுகைக் காட்டி உட்கார்ந்து, முகத்தைப் பக்கவாட்டில் திருப்பியிருக்கிறாள். கறுத்த பின்னல், அதன்மேல் மல்லிகைச் சரம். படம் எடுத்தவரின் மானிட்டரில் பின்னலின் ஒவ்வொரு புரியும் தனித்தனியாகத் தெரிகிறது. அதே கோப்பைப் பெண் வீட்டுக் கம்ப்யூட்டரில் திறந்தால் பின்னல் ஒரே கறுப்புத் திட்டாக அப்பிக் கிடக்கிறது. மாப்பிள்ளை வீட்டு மானிட்டரிலோ கூந்தல் நரை பூத்ததுபோல் வெளிறியிருக்கிறது. மூன்று திரையிலும் மல்லிகை மட்டும் ஏறத்தாழ அதே வெள்ளைதான். பிரைட்னஸைக் கூட்டிக் குறைத்துப் பார்த்தாலும் சரியாவதில்லை. சரிசெய்ய வேண்டியது வேறொன்று. மானிட்டர் மெனுவில் பிரைட்னஸுக்கும் கான்ட்ராஸ்ட்டுக்கும் அருகிலேயே, பெரும்பாலும் யாரும் தொடாமல் விட்டிருக்கும் 'காமா' அது.

படக் கோப்பில் ஒவ்வொரு புள்ளியின் ஒளியும் 0 முதல் 255 வரையிலான ஓர் எண்ணாகப் பதிவாகிறது. 0 என்றால் கறுப்பு, 255 என்றால் முழு வெள்ளை. அப்படியானால் நடுவிலுள்ள 128, பாதி வெளிச்சத்தைத் தரும் என்றுதான் தோன்றும். தருவதில்லை. மானிட்டர் அந்த எண்ணை 255ஆல் வகுத்து, வரும் பின்னத்தை ஓர் அடுக்குக்கு உயர்த்தித்தான் ஒளியாக மாற்றுகிறது. அந்த அடுக்குதான் காமா. வழக்கமான மதிப்பு 2.2. 128ஐ 255ஆல் வகுத்தால் 0.5, அதை 2.2 அடுக்குக்கு உயர்த்தினால் 0.22. ஆக, 128 என்ற எண் திரையில் தருவது முழு வெள்ளையின் 22 சதவீத ஒளியை மட்டுமே.

இனி நம் படத்துக்கு வருவோம். மல்லிகையின் எண் 230, கன்னத்தின் எண் 128, பின்னலின் எண் 26 என்று வைத்துக்கொள்வோம். காமா 2.2 இருக்கும் திரையில் மல்லிகை 80 சதவீத ஒளியும், கன்னம் 22 சதவீதமும், பின்னல் 0.66 சதவீதமும் தரும். இதே படத்தைக் காமா 1.8 வைத்த திரையில் காட்டினால் மல்லிகை 83 சதவீதமாகிறது. கண்ணுக்கு அந்த மாற்றம் தெரிவதே அரிது. கன்னம் 29 சதவீதமாகிறது. பின்னலோ 1.64 சதவீதத்துக்குத் தாவுகிறது, அதாவது இருக்க வேண்டியதைப் போல இரண்டரை மடங்கு. காமாவை 2.6 ஆக்கினால் மல்லிகை 76 சதவீதத்தில் நிற்க, பின்னல் 0.26 சதவீதத்துக்குச் சரிகிறது. மல்லிகை அசையாமலிருக்கக் கூந்தல் மட்டும் மாறியதற்குக் காரணம் இந்தக் கணக்குதான். பூஜ்யத்தை எந்த அடுக்குக்கு உயர்த்தினாலும் பூஜ்யம். ஒன்றை உயர்த்தினாலும் ஒன்றுதான். இரண்டு முனைகளையும் காமாவால் நகர்த்த முடியாது. இடையில் உள்ளவற்றைத்தான் அது இழுக்கிறது, அதிலும் கறுப்பை ஒட்டியவற்றையே மிகப் பலமாக இழுக்கிறது.

வெளிறல், இருட்டு இரண்டையும் நம் கண் தனி ஒளியாகப் பார்ப்பதில்லை. பக்கத்தில் இருப்பதோடு ஒப்பிட்டுத்தான் பார்க்கிறது. 2.2இல் கன்னத்தின் ஒளி பின்னலின் ஒளியைப் போல 33 மடங்கு. 1.8இல் அது சுமார் 18 மடங்காகச் சுருங்கிவிடுகிறது. இடைவெளி பாதியானதால் கறுப்பு கறுப்பாக நிற்காமல் சாம்பலை நோக்கி நகர்கிறது, படம் முழுக்கச் சாயம் போனதுபோல் ஆகிறது. 2.6இல் அதே இடைவெளி 63 மடங்காகிவிடுகிறது. முதல் பார்வைக்குப் படம் 'பளிச்'சென்று எடுப்பாகவே தெரியும். ஆனால் பின்னலுக்குள்ளேயே இருக்கும் நுணுக்கம் போய்விடும்.

எப்படிப் போகிறது? புரிகளுக்கு இடையிலுள்ள ஆழமான மடிப்பின் எண் 15 என்று கொள்வோம். 2.6இல் அது தரும் ஒளி 0.06 சதவீதம். சாதாரண ஐபிஎஸ் வகை எல்சிடி திரையில் கான்ட்ராஸ்ட் விகிதம் ஆயிரத்துக்கு ஒன்று என்ற அளவில் இருக்கும். அதாவது முழுக் கறுப்பைக் காட்டும்போதும் முழு வெள்ளையின் ஒளியில் 0.1 சதவீதம் கசிந்துகொண்டேதான் இருக்கும். மடிப்பின் ஒளி அந்தக் கசிவைவிடக் குறைவு. அதோடு அறை விளக்கும் ஜன்னல் வெளிச்சமும் திரையில் பட்டுத் திரும்புகின்றன. புரிக்கும் மடிப்புக்கும் இடையில் கோப்பில் வித்தியாசம் பத்திரமாகத்தான் இருக்கிறது. திரையில் அது கசிவிலும் பிரதிபலிப்பிலும் மூழ்கிவிடுகிறது. பெண் வீட்டுத் திரையில் பின்னல் திட்டாகத் தெரிந்தது இதனால்தான்.

நேர்கோடாக, பாதி எண்ணுக்குப் பாதி ஒளி என்று வைத்திருந்தால் இந்தத் தொல்லையே இல்லையே என்று கேட்கலாம். இந்த வளைவு முதலில் தானாக அமைந்தது. பழைய குழாய்த் திரைகளில் மின்னழுத்தத்தை இரட்டிப்பாக்கினால் ஒளி இரட்டிப்பாவதில்லை; சுமார் 2.5 அடுக்கில் ஏறியது. அதை ஈடுகட்டும் எதிர் வளைவைத் தொலைக்காட்சிக்காரர்கள் ஒளிபரப்பும் இடத்திலேயே சேர்த்து அனுப்பினார்கள். குழாய்த் திரை போன பிறகும் வளைவு போகாததற்குக் காரணம் நம் கண். மங்கலில் சிறு வித்தியாசத்தையும் கண்டுபிடிக்கும் கண், பிரகாசத்தில் அவ்வளவு நுட்பமாக இருப்பதில்லை. முழு ஒளியில் ஒரு சதவீதத்துக்குள் அடங்கும் இருண்ட பகுதிக்கு, நேர்கோட்டுக் கணக்கில் கறுப்புக்கு மேல் 2 படிகள்தான் கிடைக்கும். பின்னல் முழுவதையும் அந்த இரண்டு படிகளில் வரைய வேண்டும். 2.2 வளைவில் அதே பகுதிக்கு 31 படிகள் கிடைக்கின்றன. அதனால்தான் இன்றைய எல்சிடி திரையும், தன் இயல்பான நடத்தை வேறாக இருந்தாலும், உள்ளே ஒரு மாற்று அட்டவணையை வைத்து அந்தப் பழைய வளைவையே காட்டுகிறது.

எண் ஒத்துப்போகாவிட்டால் என்ன ஆகும் என்பதை அச்சு, டிசைன் வேலை பார்த்தவர்கள் அந்தக் காலத்திலேயே அனுபவித்திருக்கிறார்கள். ஆப்பிள் மேக் கம்ப்யூட்டர்கள் 2009 வரை 1.8 காமாவையே வழக்கமாக வைத்திருந்தன. விண்டோஸ் பக்கம் 2.2. மேக்கில் அழகாகச் சரிசெய்த படம் விண்டோஸில் இருண்டு போகும், அங்கே செய்தது இங்கே வெளிறும். அந்த ஆண்டு ஸ்னோ லெபர்ட் வந்தபோது மேக்கும் 2.2க்கு மாறியது.

திரை இருண்டிருக்கிறது, வெளிறியிருக்கிறது என்றதும் காமாவின்மேல் பழியைப் போடுவதற்கு முன் ஒன்றைப் பார்த்துவிட வேண்டும். முழுக் கறுப்புப் படம் ஒன்றைத் திரை நிறையத் திறந்துகொண்டு, அறையை இருட்டாக்குங்கள். மெலிதாகக் கசியும் கறுப்பு இயல்பானது. ஆனால் கறுப்பே அப்பட்டமான சாம்பலாக இருந்தால் தவறு காமாவில் இல்லை. ஏனென்றால் காமாவால் பூஜ்யத்தைத் தொட முடியாது. பெரும்பாலும் எச்டிஎம்ஐ இணைப்பின் வீச்சு பொருந்தாமல் இருக்கும். தொலைக்காட்சி வழக்கப்படி கம்ப்யூட்டர் கறுப்பை 16 என்றும் வெள்ளையை 235 என்றும் அனுப்பும். மானிட்டரோ 0 முதல் 255 வரை எதிர்பார்க்கும். அப்போது கறுப்பு வெளிறி, வெள்ளை மங்கும். இதற்கு நேர்மாறாக மானிட்டர் 16ஐக் கறுப்பென எடுத்துக்கொண்டால், நம் மடிப்பின் 15 அடியோடு காணாமல் போகும். கிராஃபிக்ஸ் அமைப்பில் வீச்சை 'முழு' என்று மாற்றி, மானிட்டரிலும் அதற்கேற்ப வைத்தால் இது தீரும்.

அடுத்துக் காமாவை அளக்கலாம். கருவி வேண்டாம், ஒரு படம் போதும். பெயின்ட் போன்ற எதிலாவது ஒரு பிக்சல் வரிசை முழுக் கறுப்பு, அடுத்த வரிசை முழு வெள்ளை என்று கிடைக்கோடுகளாக ஒரு கட்டத்தை நிரப்புங்கள். சிறிது வரைந்து நகலெடுத்து ஒட்டிக்கொண்டே போனால் சீக்கிரம் முடியும். புள்ளிகளில் பாதி எரிகின்றன, பாதி அணைந்திருக்கின்றன. காமா எதுவானாலும் இந்தக் கட்டம் தருவது சரியாகப் பாதி ஒளி. அதை ஒட்டி மூன்று சாம்பல் பட்டைகள் வரையுங்கள். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் முதல் பட்டையில் 173, இரண்டாவதில் 186, மூன்றாவதில் 195. முறையே 1.8, 2.2, 2.6 காமாக்களில் பாதி ஒளி தரும் எண்கள் அவை. படத்தைச் சிறிதாக்காமலும் பெரிதாக்காமலும், திரையின் இயல்பான ரெசொல்யூஷனில், விண்டோஸ் அளவிடல் நூறு சதவீதத்தில் இருக்கும்போது திறக்க வேண்டும். இல்லாவிட்டால் கோடுகள் கலங்கிச் சோதனையே பொய்யாகிவிடும். டைனமிக் கான்ட்ராஸ்ட், இரவு ஒளி போன்றவற்றை அணைத்துவிடுங்கள். இரண்டு மூன்று மீட்டர் தள்ளி நின்று, கண்ணை இடுக்கிப் பாருங்கள். கோடுகளோடு எந்தப் பட்டை கலந்து எல்லை தெரியாமல் போகிறதோ, அதுதான் உங்கள் திரையின் காமா. 173 கலந்தால் திரை வெளிறும் வகை, 195 கலந்தால் நிழலை விழுங்கும் வகை. விண்டோஸில் `dccw` என்று இயக்கினாலும் இதே தத்துவத்தில் ஒரு சோதனை வரும். வட்டங்களின் நடுவிலுள்ள புள்ளி மறையும்வரை நகர்த்த வேண்டும்.

இந்தச் சோதனை நடு ஒளியைத்தான் அளக்கும். 186 கலந்தும் நிழல் மட்டும் சரியில்லை என்றால் உட்காரும் இடத்தைப் பாருங்கள். விலை குறைந்த டிஎன் வகைத் திரைகளில் தலையை மேலும் கீழும் அசைத்தாலே நிழல்கள் வெளிறுவதும் இருள்வதும் தெரியும். விஏ வகையில் நேரே பார்க்கும்போது மிக இருண்ட நிழல்கள் ஒன்றாகிவிடுவதுண்டு. அதைக் காமா மெனுவால் முழுதாகத் தீர்க்க முடியாது.

மாற்றும்போது ஒரு குழப்பம் வரும். மானிட்டர் மெனுவில் காமா எண்ணைக் கூட்டினால் படம் இருளும். கிராஃபிக்ஸ் கார்டின் கண்ட்ரோல் பேனலிலும் பல விளையாட்டுகளிலும் உள்ள காமா ஸ்லைடரைக் கூட்டினால் படம் வெளுக்கும். முதலாவது திரையின் வளைவைச் சொல்கிறது, இரண்டாவது அதற்கு எதிராகச் செய்யும் திருத்தத்தைச் சொல்கிறது. முதலில் மானிட்டரிலேயே சரிசெய்யுங்கள், மற்றதை அதன் இயல்பு மதிப்பான 1.0இல் விட்டுவிடுங்கள். இரண்டு இடத்திலும் இழுத்தால் 256 படிகளில் பல ஒன்றோடொன்று சேர்ந்து, மாலை வானம் போன்ற மென்மையான பரப்புகளில் பட்டை பட்டையாகத் தெரியும். சில மானிட்டர்களில் எண்ணுக்குப் பதில் 'காமா 1, 2, 3' என்றுதான் இருக்கும். அங்கே கோட்டுக் கட்டத்தைத் திறந்து வைத்து ஒவ்வொன்றாகப் பார்ப்பதே வழி.

வெளிச்சமுள்ள அறையில் வேலைக்கும் இணையத்துக்கும் படத் திருத்தத்துக்கும் 2.2 போதும். விளக்கை அணைத்துச் சினிமா பார்ப்பவருக்கு 2.4 பொருந்தும், மங்கலான அறைத் தொலைக்காட்சிக்கென 2011இல் வந்த பிடி.1886 தரத்தின் எண்ணும் அதுதான். 2.4இல் வைத்த திரையைப் பகல் வெளிச்சத்தில் பார்த்தால் நிழல்கள் மறுபடியும் மூழ்கும். படம் திருத்துகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வெளிறிய திரையில் உட்கார்ந்து திருத்தியவர், கறுப்பு போதவில்லை என்று நிழல்களை இன்னும் அழுத்தியிருப்பார். அவர் அனுப்பிய கோப்பு சரியான திரையில் இருட்டாகத்தான் வரும். காமாவைச் சரிசெய்த பிறகு, அதற்கு முன் திருத்தி முடித்து இன்னும் அச்சுக்குப் போகாத படங்களை மறுபடி திறந்து நிழல்களை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.