பையரின் நம்பரைக் கேட்டால்...

திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏஜென்ட்டை எடுத்துக்கொள்வோம். கண்காட்சியில் பழக்கமான பிரிண்டிங் யூனிட்காரர், "அண்ணே, உங்க ஜெர்மனி பையரை அறிமுகப்படுத்துங்களேன்" என்கிறார். கூச்சப்பட்டு நம்பரைக் கொடுத்துவிடுகிறவர்கள் நிறைய. அது தவறு, பையரைக் கேட்காமல் அவர் எண்ணைக் கொடுக்கும் உரிமை நமக்கில்லை.

"கேட்டுச் சொல்றேன் தம்பி. என்ன வேலை, என்ன விலை, யாருக்குச் செஞ்சிருக்கீங்கன்னு நாலு வரி எழுதி அனுப்புங்க" என்றால் போதும். எழுதாமல் நம்பரையே திரும்பத் திரும்பக் கேட்பவரிடம் எச்சரிக்கை தேவை. எழுதி அனுப்பினால், முதலில் நம் ஆர்டரில் ஒரு சிறு வேலை கொடுத்துப் பார்க்கலாம்.

பிறகு பையருக்கு எழுதும்போது, "இவர் எனக்குப் புதியவர், தரத்துக்கு நான் பொறுப்பில்லை, பேச விருப்பமா?" என்று ஒளிக்காமல் கேளுங்கள். அவர் சம்மதித்தால், இருவருக்கும் பொதுவான மின்னஞ்சலில் அறிமுகம் செய்யுங்கள்.

கமிஷனை அதற்கு முன்பே எழுத்தில் பேசி முடியுங்கள். 'என் பையரிடம் என்றைக்கும் நேரடியாக வியாபாரம் செய்யக்கூடாது' என்ற நிபந்தனையை மட்டும் நம்பாதீர்கள். தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம், இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவின்படி பொதுவாகச் செல்லாது. அறிமுகத்தால் வரும் ஆர்டருக்கு இத்தனை சதவீதம், இத்தனை காலம் என்று எழுதுவதே உறுதியானது.

பையர் மறுத்தால், அன்றே அதைச் சொல்லிவிடுங்கள்.