REC பட்டன் இருக்கு, ஆனா ஏன் ரெக்கார்டு ஆகல?

இந்த எபிசோடு சேலையூர்லேர்ந்து ஒரு லிஸனர் அனுப்பின கேள்வியிலேர்ந்து ஆரம்பிக்குது. அவங்க அம்மா டிடி தமிழ்ல ஒரு நிகழ்ச்சியில பாடப் போறாங்க. ஒளிபரப்பு நேரத்துல இவருக்கு மெப்ஸ்ல ஷிஃப்ட். மறுஒளிபரப்பு வருமான்னு தெரியாது. "டிவி பின்னாடி யூஎஸ்பி இருக்கு, ரிமோட்ல REC பட்டனும் இருக்கு. ஆனா அமுக்கினா ஒண்ணும் நடக்கல. ஏன்?"

முதல்ல அவர் வீட்டுல டிவிக்குப் படம் எப்படி வருதுன்னு பாப்போம். கேபிள் வயர் செட்டாப் பாக்ஸுக்குப் போகுது. பாக்ஸ்லேர்ந்து HDMI வழியா டிவிக்கு வருது. தாம்பரம், குரோம்பேட்டை, மேடவாக்கம் பக்கம் பெரும்பாலான வீடுகள்ல இதே கதைதான், கேபிளா இருந்தாலும் சரி, டிடிஎச்சா இருந்தாலும் சரி.

ஆனா டிவியோட ரெக்கார்டிங் வசதி, டிவிக்குள்ளேயே இருக்குற ட்யூனர் பிடிக்குற சேனலுக்கு மட்டும்தான். ட்யூனருக்கு வர்ற சிக்னல் ஏற்கெனவே சுருக்கப்பட்டது. சாதாரண எஸ்டி சேனல்னா நொடிக்கு சுமார் 3 மெகாபிட். டிவி அதை அப்படியே பென்டிரைவ்ல கொட்டிடும், வேற வேலையே இல்ல. HDMI-ல வர்றது பாக்ஸ் ஏற்கெனவே விரிச்ச முழுப் படம். ஃபுல் எச்டியில நொடிக்குக் கிட்டத்தட்ட 3 ஜிகாபிட், ஆயிரம் மடங்கு. அதைத் திரும்பச் சுருக்குற சிப் டிவியில கிடையாது. போதாக்குறைக்கு HDCP-ன்னு ஒரு காப்பிப் பூட்டும் இருக்கு. அதனாலதான் HDMI-ல இருக்கும்போது REC வேலை செய்யல.

"அப்போ கேபிள் வயரை நேரா டிவியிலயே சொருகிட்டா?" அதுவும் உதவாது. கேபிள்காரங்க சேனல்களைப் பூட்டித்தான் அனுப்புறாங்க, சாவி பாக்ஸ்குள்ள இருக்கு.

அப்போ எந்த டிவியில முடியும்? ரெண்டு விஷயம் வேணும். ஒண்ணு, டிவிக்குள்ளேயே டிஜிட்டல் ட்யூனர்: ஆன்டெனாவுக்கு DVB-T2, டிஷ்ஷுக்கு DVB-S2. ரெண்டு, ரெக்கார்டிங் வசதி. இதுக்கு ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு பேர் வச்சிருக்கு: எல்ஜியில Time Machine, சோனியில USB HDD recording, மத்ததுல பெரும்பாலும் PVR. ஒரே சீரிஸ் டிவி ஐரோப்பாவுல இந்த வசதியோட வரும், இங்க இல்லாம வரும். அதனால யூடியூப் ரிவ்யூவை நம்பாதீங்க. உங்க மாடல் நம்பரோட இந்திய மேனுவல்ல இந்தப் பேரைத் தேடுங்க. யூஎஸ்பி ஓட்டை இருக்குங்கறதுக்காக ரெக்கார்டிங் இருக்குன்னு அர்த்தம் இல்ல. நிறைய டிவியில அது படம் போட்டுப் பாக்க மட்டும்தான்.

டிவியிலயே ரெக்கார்டு பண்ணா இன்னும் ஒரு சிக்கல். நிறைய டிவிகள் முதல்ல டிரைவை ஃபார்மேட் பண்ணச் சொல்லும். ஓகே கொடுத்தா உள்ள இருக்குற கல்யாண போட்டோ எல்லாம் போயிடும். ரெக்கார்டான ஃபைலும் அந்த ஒரு டிவியில மட்டும்தான் ஓடும். அம்மா பாட்டைச் சொந்தக்காரங்களுக்கு வாட்ஸ்அப் பண்ண முடியாது. கட்டண டிடிஎச் பாக்ஸ்ல பண்ற ரெக்கார்டிங்கும் இப்படித்தான், அந்த பாக்ஸோட பூட்டிடும்.

இவருக்கு நான் சொன்ன வழி: டிடி தமிழ் இலவச சேனல், டிடி ஃப்ரீ டிஷ்ல வருது. மாசக் கட்டணம் கிடையாது. டிஷ்ஷை 93.5 டிகிரி கிழக்குல இருக்குற ஜிசாட்-15 பக்கம், அதாவது நம்ம ஊர்லேர்ந்து தென்கிழக்கா, நல்லா மேல பாத்து வைக்கணும். யூஎஸ்பி ரெக்கார்டிங் இருக்குற ஃப்ரீ-டு-ஏர் பாக்ஸா பாத்து வாங்கணும். இதுல ரெக்கார்டு ஆகுற ஃபைல் பெரும்பாலும் பூட்டில்லாத `.ts` ஃபைல். லேப்டாப்ல விஎல்சி போட்டா ஓடிடும்.

இடம் எவ்வளவு? நொடிக்கு 3 மெகாபிட்னா ஒரு மணி நேரத்துக்கு சுமார் 1.35 ஜிபி. காலியான 16 ஜிபி டிரைவ் தாராளம். FAT32 டிரைவ்ல ஒரு ஃபைல் 4 ஜிபிக்கு மேல போகாது. எஸ்டியில அது கிட்டத்தட்ட மூணு மணி நேரம், கவலை இல்ல. எச்டி சேனல் 8 மெகாபிட்னா ஒரு மணி பத்து நிமிஷத்துலயே அந்த எல்லை வந்துடும். சில பாக்ஸ் அடுத்த ஃபைலை ஆரம்பிக்கும், சிலது நின்னுடும்.

முந்தின நாளே டைமர் வச்சு, பாக்ஸை ஸ்டாண்ட்பையில விட்டு, பத்து நிமிஷம் ரெக்கார்டு பண்ணிப் பாருங்க. ஃபைலை லேப்டாப்ல ஓட்டுங்க. படம் கட்டம் கட்டமா உடைஞ்சு, சத்தமும் விட்டு விட்டு வந்தா ரெண்டு காரணம் இருக்கலாம். லைவ்லயும் உடைஞ்சா டிஷ் சிக்னல் பிரச்சனை. லைவ் சுத்தமா இருந்து ரெக்கார்டிங் மட்டும் உடைஞ்சா பென்டிரைவ் எழுதுற வேகம் பத்தல, டிரைவை மாத்துங்க.

நிகழ்ச்சி அன்னிக்கு டைமரை அஞ்சு நிமிஷம் முன்னாடி ஆரம்பிச்சு, பதினஞ்சு நிமிஷம் பின்னாடி முடிங்க. ஒரே ட்யூனர் இருக்குற பாக்ஸ்ல ரெக்கார்டிங் ஓடும்போது வேற சேனல் பாக்க முடியாது, வீட்டுல சொல்லி வைங்க. கரண்ட் போனா ரெக்கார்டிங் அங்கேயே நின்னுடும். இன்வெர்ட்டர் இருந்தா பாக்ஸை அந்த பிளக்ல போடுங்க. டிவி ஆஃப்ல இருந்தாலும் பரவாயில்ல, பாக்ஸ் தனியாவே ரெக்கார்டு பண்ணிக்கும்.