திங்கட்கிழமையைக் காட்டிக்கொடுத்த திரைப்பிடிப்புகள்

கணக்கின் மாதச் சராசரி இருப்பு நன்றாக இருக்கும். ஆயினும் ஒரு குறிப்பிட்ட நாளில் பணம் போதாமல் காசோலை திரும்பிவிடும். வாடிக்கையாளர் சராசரியைச் சுட்டிக்காட்டுவார்; நாங்கள் அந்த ஒரு நாளின் இருப்பைச் சுட்டிக்காட்டுவோம். இருவர் சொல்வதும் உண்மையே. இதே பாடத்தை என் உறக்கக் கணக்கில் நான் கற்க நேர்ந்தது.

ஒரு திங்கட்கிழமை காலை, அலுவலகம் செல்லும் வழியில் சிக்னலில் வண்டியை நிறுத்தியிருந்தபோது என் கண்கள் செருகின. பின்னால் வந்தவரின் ஒலிப்பான் என்னை எழுப்பியது. அன்று மாலையே மருத்துவரிடம் சென்றேன். கைக்கடிகாரத்துடன் இணைந்த செயலியைத் திறந்து, "வாரச் சராசரி ஆறரை மணிக்குக் குறையவில்லை, டாக்டர்" என்றேன். அவர் திரையைப் பார்த்துவிட்டு, "சராசரி இருக்கட்டும். திங்கட்கிழமை மட்டும் எவ்வளவு தூங்குகிறீர்கள், சார்?" என்று கேட்டார். என்னிடம் விடை இல்லை.

விடை காண, முந்தைய நான்கு வாரங்களின் உறக்கப் பக்கத்தையும் நடைக்கணக்குப் பக்கத்தையும் திரைப்பிடிப்புகளாக எடுத்தேன். நடப்பு வாரத்தை எடுக்கவில்லை. முடியாத வாரமும் முடியாத நாளும் குறைவான எண்ணையே காட்டும். திரையின் மேற்பகுதியை வெட்டி நீக்கிவிட்டேன். வங்கியின் குறுஞ்செய்தியோ ஒருமுறை கடவுச்சொல்லோ அங்கே தோன்றியிருக்கக் கூடும். பிறரிடம் காட்டும் படத்தில் அது இருத்தலாகாது.

திரைப்பிடிப்புகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் மட்டும் போதாது. ஒவ்வொரு வாரத்தின் வரைபடத்திலும் செயலி உச்ச அளவைத் தனித்தனியே மாற்றிக்கொள்வதுண்டு. ஒரு வாரத்தில் 6,000 அடிகளைக் குறிக்கும் தூண், மறு வாரத்தில் 9,000 அடிகளைக் குறிக்கும் தூணைவிட உயரமாகத் தெரியலாம். எனவே தூணின் உயரத்தை நம்பாமல் எண்களைத் தாளில் எழுதினேன். திங்கள் முதல் ஞாயிறு வரை ஏழு பத்திகள். வாரத்திற்கு ஒரு வரிசை. செயலி வரிசையைக் கூட்டிச் சராசரி சொல்கிறது; நாமோ பத்தியை மேலிருந்து கீழாகப் படிக்கவேண்டும்.

எழுதும்போது மூன்று இடங்களில் தடுக்கியது. முதலாவது, உறக்கத்தின் தேதி. பெரும்பாலான செயலிகள் ஓர் இரவின் உறக்கத்தை, நாம் கண்விழிக்கும் நாளின் கணக்கில் வரவு வைக்கின்றன. திங்கள் என்று பதிவாகியிருப்பது ஞாயிறு இரவு உறங்கியது. நடையோ நள்ளிரவு முதல் நள்ளிரவு வரை எண்ணப்படுகிறது. இதை உணராவிட்டால் காரணமும் விளைவும் இடம் மாறிவிடும்.

இரண்டாவது, கடிகாரம் கையில் இல்லாத நாள். ஒரு வியாழன் 900 அடிகள் என்றிருந்தது. அன்று அது மின்னேற்றத்தில் கிடந்தது. அத்தகைய நாளைப் பூச்சியமாகவோ குறைவாகவோ எழுதாமல் வெற்றிடமாக விட்டேன்.

மூன்றாவது, சனிக்கிழமை. 2015 செப்டம்பர் முதல் வங்கிகளுக்கு இரண்டாம், நான்காம் சனிக்கிழமைகள் விடுமுறை. ஆகவே சனி என்பது எங்களுக்கு ஒரே நாள் அன்று. வேலைச் சனியன்று ஆறேகால் மணி நேரமும் விடுமுறைச் சனியன்று எட்டு மணி நேரமும் உறங்கியிருந்தேன். இரண்டையும் சேர்த்துச் சராசரி எடுத்தால், எந்தச் சனிக்கும் பொருந்தாத ஓர் எண் கிடைக்கும். அதனால் அதனை இரு பத்திகளாகப் பிரித்தேன். முறைமாற்றுப் பணியில் இருப்போரும் தம் பணிநேரத்திற்கேற்பப் பிரித்துக்கொள்ள வேண்டும்.

இப்போது பத்திகள் பேசத் தொடங்கின. திங்களன்று பதிவான உறக்கம் 5 மணி 5 நிமிடம், 5.20, 5.10, 6.40. கடைசித் திங்கள் பண்டிகை விடுமுறை. இத்தகைய ஒற்றை விலக்கு முடிவைத் திரிக்காதிருக்க எளிய வழி ஒன்று உண்டு: நான்கு எண்களில் மிகப் பெரியதையும் மிகச் சிறியதையும் நீக்கிவிட்டு, எஞ்சிய இரண்டின் நடுவை எடுப்பது. அவ்வாறு எடுத்தபோது திங்களுக்கு 5.15 கிடைத்தது. செவ்வாய் முதல் வியாழன் வரை ஆறரை மணி, வெள்ளி ஆறேகால், ஞாயிறு எட்டரை. ஞாயிற்றின் மிகுதி திங்களின் குறையைச் சராசரியில் மறைத்திருந்தது.

ஏன் இந்தக் குறை? படுத்த நேரமும் எழுந்த நேரமும் விடை தந்தன. வார நாட்களில் இரவு 11.30க்கு உறங்கிக் காலை 6க்கு எழுகிறேன்; அவ்வுறக்கத்தின் நடுப்புள்ளி 2.45. சனி இரவு 12க்கு உறங்கி ஞாயிறு 8.30க்கு எழுகிறேன், நடுப்புள்ளி 4.15. ஒன்றரை மணி நேரம் உடல் மேற்கே பயணம் போய்விட்டது. ஜெர்மானிய ஆய்வாளர் டில் ரோன்னெபெர்க்கும் அவருடன் பணியாற்றியோரும் இந்த இடைவெளிக்கு சோஷியல் ஜெட்லாக் என்று பெயரிட்டனர். தாமதமாக எழுந்த ஞாயிறன்று, வழக்கமான நேரத்தில் படுத்தும் 12.45 வரை உறக்கம் வரவில்லை. திங்கள் காலை மணியோ ஆறுக்கே அடிக்கிறது.

நடைக்கணக்கிலும் திங்கள் தாழ்ந்திருந்தது. செவ்வாய் முதல் வெள்ளி வரை ஏறத்தாழ 6,500 அடிகள், திங்களன்று 4,200. திங்களன்று கிளையில் கூட்டம் அதிகம், இருக்கையைவிட்டு எழ முடிவதில்லை என்பதே காரணம் என நினைத்தேன். ஆனால் அன்றைய நாளின் மணிவாரிப் பக்கத்தைத் திறந்தபோது, அலுவலக நேரத்துத் தூண்கள் மற்ற நாட்களைப் போலவே இருந்தன. காலை 6.15க்குத் தோன்றவேண்டிய நடைப்பயிற்சித் தூண்தான் காணவில்லை. நிமிடத்திற்குச் சுமார் 100 அடிகள் என்று கொண்டால், குறைந்த 2,300 அடிகள் இருபத்துமூன்று நிமிட நடை. அது என் காலை நடையேதான். கிளையின் மேல் பழி போட்டது தவறு.

பிறகு ஒன்றே ஒன்றை மாற்றினேன்: ஞாயிறன்று 7 மணிக்கு எழுவது. அடுத்த நான்கு வாரங்களில் திங்கள் உறக்கம் 6.05 ஆயிற்று, ஞாயிறு எட்டரையிலிருந்து 7.10க்கு இறங்கியது. நான்கு திங்களில் மூன்றில் காலை நடையும் திரும்பியது. கவனிக்கத் தக்கது யாதெனில், வாரச் சராசரி உயரவில்லை. நாளுக்கு நான்கு நிமிடம் குறையவே செய்தது. செயலியின் பார்வையில் நான் சற்றே பின்தங்கியவன். சிக்னலில் மட்டும் கண் செருகவில்லை.

இதற்கு எல்லைகளும் உண்டு. கடிகாரம் அசைவையும் நாடித் துடிப்பையும் கொண்டே உறக்கத்தைக் கணிக்கிறது. அசையாமல் விழித்துக் கிடப்பதை அது உறக்கமாக எழுதிவிடக் கூடும். ஆழ்ந்த உறக்கம், கனவுறக்கம் ஆகிய பிரிவுகளுக்கு நான் பொருள் கொள்ளவில்லை; படுத்த நேரம், எழுந்த நேரம் ஆகியவற்றையே பெரிதும் நம்பினேன். தள்ளுவண்டியைப் பிடித்து நடக்கையில் கை அசையாததால் அடிகள் குறைந்து பதிவாவதும் உண்டு. நான்கு வாரங்கள் என்பது ஒருவரின் வழக்கத்தை ஊகிக்கப் போதுமே தவிர, நோயை முடிவு செய்ய அல்ல. எல்லா நாட்களிலும் ஏழெட்டு மணி நேரம் உறங்கியும் பகலில் கண் செருகினால், அல்லது உரத்த குறட்டையிடையே மூச்சு நிற்பதாக வீட்டார் சொன்னால், அட்டவணை போட்டுக் காலம் தாழ்த்தாமல் மருத்துவரைக் காண்பதே முறை.

இரண்டாம் முறை சென்றபோது அந்தத் தாளை மருத்துவரிடம் நீட்டினேன். செயலியைத் திறக்கச் சொல்லாமல், திங்கள் என்று எழுதிய பத்தியில் விரலை வைத்து அவர் மேலிருந்து கீழாகப் படித்தார்.