பாலிசியைப் பாதியில் நிறுத்தினால் பணம் எவ்வளவு திரும்பும்?

ஒரு வருஷத்துக்கு இன்ஷ்யூரன்ஸ் கட்டியவர் மூன்று மாதத்தில் அதை ரத்து செய்தால், மீதி ஒன்பது மாதத்துப் பணம் அப்படியே கைக்கு வரும் என்றுதான் நினைப்பார். ஆனால் ரத்துக் கணக்கில் இரண்டு வழிகள் உண்டு. எந்த வழி என்பதைப் பொறுத்துப் பெரிய தொகை மாறிப்போகும்.

நாள் கணக்கும் குறுகிய காலக் கணக்கும்

முதல் வழி நாள் கணக்கு. காப்பு இருந்த நாட்களுக்கு மட்டும் கட்டணம் பிடித்துக்கொண்டு மிச்சத்தைக் கொடுப்பது. இரண்டாவது வழி குறுகிய காலக் கட்டணம். 2002-ம் ஆண்டின் இந்திய மோட்டார் டாரிஃபில் இதற்கென ஒரு பட்டியலே இருந்தது. ஒரு மாதம் வரை வருஷப் பிரிமியத்தில் 20 சதவிகிதம், இரண்டு மாதம் வரை 30, மூன்று வரை 40, நான்கு வரை 50 என்று ஏறிக்கொண்டே போகும். எட்டு மாதம் தாண்டினால் முழுப் பிரிமியமும் கம்பெனிக்கே.

கம்பெனிகள் இதற்குச் சொன்ன காரணம் என்ன? பாலிசி எழுதும் செலவும் ஏஜெண்டு கமிஷனும் ஆரம்பத்திலேயே ஆகிவிடுகின்றன. மேலும், ஆபத்து மிகுந்த மழைக்காலத்துக்கு மட்டும் காப்பு வாங்கிக்கொண்டு பிறகு விலகிவிடுவோரைத் தடுக்கவும் வேண்டுமல்லவா?

ஒரு கணக்கு

ஒருவர் தம் காருக்கு, வரி நீங்கலாக, 12,000 ரூபாய் கட்டி 2023 ஜனவரி 1-ல் பாலிசி எடுத்தார் என்று வைத்துக்கொள்வோம். வேறு கம்பெனிக்கு மாறுவதற்காக ஏப்ரல் 10-ம் தேதியோடு ரத்து செய்கிறார். காப்பு இருந்தது 100 நாள்.

நாள் கணக்குப்படி கம்பெனிக்குச் சேருவது சுமார் 3,288 ரூபாய், திரும்புவது 8,712. குறுகிய காலப் பட்டியல்படி நான்காவது மாதம் தொட்டுவிட்டதால் பாதி போய்விடும். திரும்புவது 6,000 ரூபாய்தான். வித்தியாசம் 2,712 ரூபாய்! மார்ச் 31-ம் தேதியோடு நிறுத்தியிருந்தாலாவது 7,200 கிடைத்திருக்கும். பத்து நாள் தாமதத்துக்கு விலை 1,200 ரூபாய்.

இன்றைய நிலை

2024 ஜூனில் இன்ஷ்யூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் வெளியிட்ட சுற்றறிக்கை, தனிநபர் எடுக்கும் பொதுக் காப்பீட்டில் இந்த நிலையை மாற்றியது. காரணம் சொல்லாமலே ரத்து செய்யலாம். ஒரு வருஷத்துக்கு உட்பட்ட பாலிசியில் கிளெய்ம் எதுவும் வாங்காதிருந்தால், எஞ்சிய காலத்துக்கு உரிய விகிதப்படி பணம் தர வேண்டும். கிளெய்ம் வாங்கியவர் இந்த உரிமையைக் கோர முடியாது. வியாபார நிறுவனங்களின் பாலிசிகளில் பழைய பட்டியல் இருக்கக்கூடும். 'ரத்து' என்ற பிரிவைப் படித்துப் பார்ப்பது நல்லது.

கார் வைத்திருப்போர் ஒன்றை மறக்கக் கூடாது. மூன்றாம் நபர் காப்பு இல்லாமல் வண்டி ரோட்டில் ஓடக் கூடாது என்பது சட்டம். ஆகவே புதிய பாலிசியைக் கையில் வாங்கிக்கொண்டு, அதன் நகலோடு பழையதை ரத்து செய்ய எழுதிக் கொடுக்க வேண்டும். கடிதம் பெற்றுக்கொண்டதற்குத் தேதியுடன் அத்தாட்சி வாங்கிக்கொண்டால், வரும் தொகை சரிதானா என்று நாட்களை எண்ணி நீங்களே சரிபார்த்துவிடலாம்.